இருபது விழுக்காடா, எழுபத்தெட்டு வெள்ளியா?

தீபாவளி நெருங்கினால் ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் நடக்கவே இடமிருக்காது. துணிக்கடை வாசலெங்கும் மலிவு விற்பனைப் பலகைகள். ஒன்று ‘20% கழிவு’ என்னும். அடுத்தது ‘50 வெள்ளி கழிவு’ என்னும். எது ஆளை உள்ளே இழுக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 39 வெள்ளி ஜிப்பாவுக்கு 20 விழுக்காடு கழித்தால் குறைவது 7 வெள்ளி 80 காசு. அதையே 390 வெள்ளி பட்டுச்சேலைக்குக் கழித்தால் 78 வெள்ளி. ஜிப்பாவில் 20 என்ற எண் பெரிதாகத் தெரிகிறது. சேலையில் 78 பெரிதாகத் தெரிகிறது. கண் முதலில் பார்ப்பது எண்ணை, பிறகுதான் அதன் பொருளை. விலை சரியாக 100 வெள்ளியாக இருந்தால் இரண்டும் ஒரே எண். அதற்குக் கீழே விழுக்காடு ஜெயிக்கும், மேலே வெள்ளி ஜெயிக்கும். ஜோனா பெர்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ‘நூறு விதி’ என்று பெயர் வைத்தார். சென், மன்ரோ, லூ ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குதான்: விலை கூடிய கணினிக்குத் தொகையாகச் சொன்ன கழிவும், விலை குறைந்த ஃபிளாப்பி தட்டுக்கு விழுக்காடாகச் சொன்ன கழிவும் பெரிதாகப் பட்டன.

இந்த விதியை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோனால் இடிக்கும். அங்கே நூறு ரூபாய்க்குக் கீழே கைக்குட்டையும் துண்டும்தான் கிடைக்கும். விதிப்படி எல்லாக் கடையும் ரூபாயில்தான் எழுத வேண்டும். ஆனால் கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு அறிவிப்பது 30 சதவீதத் தள்ளுபடி. காரணம் எளிது: 400 ரூபாய் லுங்கிக்கும் 14,000 ரூபாய் காஞ்சிப் பட்டுக்கும் ஒரே தொகையைக் குறைக்க முடியாது. கடை முழுவதற்கும் ஒரே அறிவிப்பு என்றால் விழுக்காடுதான் வழி. ஆகவே வாசல் பலகைக்கு விழுக்காடு, சேலையில் தொங்கும் விலைச்சீட்டுக்குத் தொகை. நம் கடைக்காரர்கள் பலர் பலகையோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டுச்சேலையின் சீட்டில் ‘390, இப்போது 312, மிச்சம் 78 வெள்ளி’ என்று எழுதினால் பேரமும் பாதி குறையும் என்பது என் எண்ணம். விழுக்காட்டைக் கேட்டவர் “கடைசியா எவ்வளவு?” என்று தொடங்குவார். தொகையைப் பார்த்தவருக்குக் கடைசி விலை கண்முன்னே இருக்கிறது.

தொகைக் கழிவில் ஒரு தந்திரமும் உண்டு. ‘200 வெள்ளிக்கு வாங்கினால் 30 வெள்ளி கழிவு’ என்ற பலகையைப் பாருங்கள். சரியாக 200க்கு வாங்கினால் 15 விழுக்காடு. 170க்குத் துணி எடுத்தவர், கழிவை விட மனமில்லாமல் பிள்ளைக்கு இன்னொரு சட்டையைத் தூக்குவார். கூடை 300ஐத் தொட்டால் அதே 30 வெள்ளி பத்து விழுக்காடாகச் சுருங்கிவிடும். வாங்குபவர் கண்ணில் 30 குறையவே குறையாது. கடைக்காரருக்குத்தான் கழிவு குறைகிறது.

கடைக்காரருக்கு என் தீர்ப்பு இது: ஜிப்பாவுக்கும் குழந்தைச் சட்டைக்கும் விழுக்காடு, பட்டுக்கு வெள்ளி. வாங்குபவர் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர்: விழுக்காடு போட்டிருந்தால் வெள்ளியாக்கிப் பாருங்கள், வெள்ளி போட்டிருந்தால் விழுக்காடாக்கிப் பாருங்கள்.