நேரலையில் தெரியும் இரண்டு எண்கள்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவில் தரையிறங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அக்காட்சியை யூடியூப்பில் நேரலையாக ஒளிபரப்பியது. காணொளியின் கீழே இருந்த எண் ஏறிக்கொண்டே சென்று, தரையிறங்கும் வேளையில் 8 மில்லியனைத் தாண்டியது. அக்காணொளியைப் பார்த்த அனைவரின் மொத்தக் கணக்கு அதுவன்று. அந்த ஒரு கணத்தில் நேரலையில் இணைந்திருந்தோரின் எண்ணிக்கையே அது.

ஒரு திருமண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். இந்த நிமிடம் நாற்காலிகளில் அமர்ந்திருப்போரை எண்ணினால் ஒரு கணக்குக் கிடைக்கும். காலை முதல் வாசலைக் கடந்து உள்ளே வந்தவர்களை எண்ணினால் வேறொரு கணக்குக் கிடைக்கும். முதலாவது கூடும், குறையும். இரண்டாவது கூடிக்கொண்டே போகும். நேரலையில் முதலாவதை 'உடனிகழ் பார்வையாளர்' என்றும் இரண்டாவதை 'மொத்தப் பார்வைகள்' என்றும் கூறலாம்.

யூடியூப்பில் ஒளிபரப்பு நடக்கும்போது, காணொளியின் கீழே "watching now" என்னும் சொற்களோடு முதல் எண் தெரியும். ஒளிபரப்பு முடிந்ததும் அது மறைந்துவிடும். பிறகு அங்கே "views" என மொத்தப் பார்வைகள் தோன்றும். மறுநாள் பதிவைப் பார்ப்போரும் இதில் சேர்வதால், இந்த எண் நாளுக்கு நாள் வளரும். நேரலையின் உச்சம் எவ்வளவு என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது. அலைவரிசையை நடத்துபவர் மட்டும் யூடியூப் ஸ்டூடியோவில் "Peak concurrent viewers" என்ற இடத்தில் அதைக் காணலாம்.

ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் விவாதப் போட்டியை ஒரு மணி நேரம் நேரலையில் ஒளிபரப்பியது எனக் கொள்வோம். முடிவில் மொத்தப் பார்வைகள் 300. கழகச் செயலாளர், "300 பேர் ஒரே நேரத்தில் பார்த்தனர்" என்று அறிக்கையில் எழுதிவிட்டார். ஆதரவு வழங்கிய கடைக்காரரிடம் அந்த அறிக்கை போகவிருந்தது. பொறுப்பாசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒவ்வொரு பார்வையும் சராசரியாக 10 நிமிடம் நீடித்திருந்தது. 300 பார்வைகளுக்கு 3,000 நிமிடங்கள். அதை நிகழ்ச்சியின் 60 நிமிடங்களால் வகுத்தால் 50 வரும். ஆக, எந்த நேரத்திலும் ஏறக்குறைய 50 பேர்தாம் பார்த்துக்கொண்டிருந்தனர். முடிவு அறிவிக்கப்பட்டபோது மட்டும் அந்த எண் 90 வரை உயர்ந்தது.

"300 பேர்" என்பதும் உறுதியன்று. இணையம் அறுந்து மீண்டும் நுழைந்த ஒரு மாணவர் இரண்டு பார்வைகளாகப் பதிவாகியிருக்கலாம். மாறாக, ஒரு வகுப்பறையில் 30 பேர் ஒரே திரையில் பார்த்திருந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். எல்லாவற்றையும் கேட்ட செயலாளர் தம் வாக்கியத்தை அடித்துவிட்டு, "மொத்தப் பார்வைகள் 300; ஒரே நேரத்தில் இணைந்திருந்தோர் அதிகபட்சம் 90" என்று எழுதினார்.