கறை போகாது, ஆனா சட்டை வெள்ளையா இருக்கு!

இந்த எபிசோடுல, இந்தியில எடுத்த விளம்பரத்தோட தமிழ் டப்பிங்கையும் சப்டைட்டிலையும் சரிபார்க்கிறதைப் பத்திப் பேசலாம். உதாரணத்துக்கு, 20 விநாடி சலவைத்தூள் விளம்பரம் ஒண்ணை எடுத்துக்குவோம்.

ஏழாவது விநாடியில மஞ்சள் கறை படிஞ்ச சட்டை. சரியா ஒன்பதாவது விநாடியில கட். அடுத்த ஷாட்ல அதே சட்டை பளிச்னு இருக்கு. இந்திக் குரல் "கௌன் கஹ்தா ஹை, யே தாக் நஹீ ஜாயேகா?"னு கேட்குது. 'யார் சொன்னது'ங்கிறது முதல்ல வந்துடுறதால, 'போகாது' கறை மேலயே விழுந்து முடியுது.

தமிழ்ல எழுதி வந்த வரி: "இந்தக் கறை ஒரே துவையல்ல போகாதுன்னு யார் சொன்னது?" பேப்பர்ல ஒரு குறையும் இல்ல. ஆனா பேசிப் பார்த்தா ரெண்டரை விநாடி ஆகுது. 'போகாதுன்னு' வரும்போது கட் வந்துடுது. வெள்ளைச் சட்டையைக் காட்டிக்கிட்டே கறை போகாதுன்னு நாமளே சொல்றோம்! வேகமாப் பேசச் சொன்னா நேரம் கொஞ்சம் மிச்சமாகும், ஆனா கேள்வியில இருக்கிற கிண்டல் செத்துடும்.

வரியைத் திருப்பிப் போடணும்: "யார் சொன்னது, போகாதுன்னு?" கறை கண்ணுக்கு முன்னாடி இருக்கு, அதைச் சொல்ல வேண்டியதில்ல. 'ஒரே துவையல்' கம்பெனிக்கு முக்கியம், விட முடியாது. அதை அடுத்த ஷாட்டுக்குத் தள்ளி, வெள்ளைச் சட்டை மேல "ஒரே துவையல்ல போயிடுச்சு"ன்னு வைக்கலாம்.

சப்டைட்டில்ல இதே சிக்கல் இன்னும் மோசம். வரி நீளம்னு ரெண்டா வெட்டி, "கறை போகாதுன்னு" ஒரு தடவையும் "யார் சொன்னது?" அடுத்த தடவையும் வந்தா, சத்தத்தை அணைச்சுட்டுப் பார்க்கிறவருக்கு முதல் பாதி ஒரு தீர்ப்பு மாதிரி தெரியும். அதனால முதல் ரவுண்டை சத்தமே இல்லாமப் பாருங்க. கேள்வி முழுசா ஒரே கார்டுல வரணும், கட்டுக்கு ரெண்டு ஃப்ரேம் முன்னாடி மறையணும். 25 ஃப்ரேம் வீடியோவுல ரெண்டு ஃப்ரேம்னா 80 மில்லிவிநாடி:

```
3
00:00:07,200 --> 00:00:08,920
யார் சொன்னது,
போகாதுன்னு?
```

அடுத்தது உதடு. இது குளோசப்புக்கு மட்டும்தான். முகம் தெரியாத ஷாட்ல இதுக்காக மெனக்கெட வேண்டாம். கடைசியில அம்மா கேமராவைப் பார்த்து விலை "கம்"னு முடிக்கிறாங்க, உதடு மூடுது. தமிழ் வரி "விலையும் குறையும்"னு இருந்தா, எழுத்துல 'ம்' இருக்குன்னு டிக் போட்டுடுவோம். ஆனா பேச்சுத் தமிழ்ல அந்தக் கடைசி 'ம்' மூக்கோட போயிடும், உதடு மூடாது. திரையில வாய் மூடியிருக்கும், காதுல திறந்த ஒலி கேட்கும். "விலையும் கம்மி"ன்னு மாத்தி, 'ம்ம்' அந்த மூடுற ஃப்ரேம்ல விழுற மாதிரி வரியை முன்னபின்ன நகர்த்துங்க. கடைசி 'இ' ஒரு கீத்து வெளியில நீளும். அதை யாரும் கவனிக்க மாட்டாங்க.