மூடாத சந்தையில் ‘நேற்று’ எங்கே முடிகிறது?

பிட்காயினை அன்றாடம் வாங்கி விற்கிறவரின் திரையில் விலை வரைபடத்துக்குக் குறுக்கே சில கிடைக்கோடுகள் ஓடும். நடுக்கோட்டுக்கு P என்று பெயர். அதற்கு மேலே R1, R2. கீழே S1, S2. இவற்றைப் பிவட் கோடுகள் என்பார்கள். அன்றைய விலை எங்கே தடுமாறலாம், எங்கே தாங்கப்படலாம் என்று முன்கூட்டியே குறித்துவைத்த இடங்கள் இவை. வரைபடச் செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், கோடுகள் வந்துவிடும். எந்த நாளின் கணக்கிலிருந்து வந்தன என்று பார்ப்பவர்கள் குறைவு. கிரிப்டோவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இந்தக் கணக்கைப் பரப்பியவர்கள் சிகாகோவின் பண்டகச் சந்தைகளில் களத்தில் நின்று குரல் கொடுத்து வியாபாரம் செய்தவர்கள். மணி அடித்துச் சந்தை திறக்கும், மணி அடித்து மூடும். முந்தைய நாளின் உச்ச விலை, அடிமட்ட விலை, முடிவு விலை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, காலையில் சந்தை திறக்கும் முன்பே அன்றைய முக்கிய இடங்களைக் கூட்டிக் கழித்துவிடுவார்கள். கணக்கு அவ்வளவு எளிது:

```
P  = (H + L + C) / 3
R1 = 2P − L
S1 = 2P − H
R2 = P + (H − L)
S2 = P − (H − L)
```

H என்பது உச்சம், L அடிமட்டம், C முடிவு விலை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை பிட்காயின் 64,800 டாலர் வரை ஏறி, 62,100 வரை இறங்கி, 64,200இல் முடிந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் P 63,700. அதிலிருந்து R1 65,300, S1 62,600, R2 66,400, S2 61,000.

இந்த எண்களுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. P-யிலிருந்து R1 1,600 டாலர் தள்ளி நிற்கிறது. S1 1,100 டாலர்தான் தள்ளி நிற்கிறது. முதல் நாள் விலை உச்சத்துக்குப் பக்கத்தில் முடிந்ததால் வந்த வித்தியாசம் இது. முடிவு விலை மேலே இருந்தால் P-யும் மேலே நகரும். மறுநாளுக்கு மேற்பக்கம் இடம் கூடும், கீழ்ப்பக்கம் குறையும். ஆக, நேற்று யார் கை ஓங்கியிருந்தது என்பதை முடிவு விலைதான் இந்தக் கோடுகளுக்குள் கொண்டுவருகிறது.

கிரிப்டோவில் சிக்கலும் அங்கேதான். இந்தச் சந்தைக்குத் திறப்பும் மூடலும் இல்லை. ஞாயிறு இரவு மூன்று மணிக்கும் வியாபாரம் நடக்கிறது. முடிவு விலை என்று சந்தை எதையும் அறிவிப்பதில்லை; நாளை எங்கே வெட்டுவது என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளும் வரைபடச் செயலிகளும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவில் நாளை வெட்டுகின்றன. நமக்கு அது காலை 5.30 மணி. ஆனால் சில செயலிகளில் நாளை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். சிகாகோவின் சிஎம்இ சந்தையில் 2017 டிசம்பர் முதல் நடக்கும் பிட்காயின் ஃபியூச்சர்ஸுக்கோ அந்தச் சந்தையின் வணிக நாள்தான் கணக்கு.

வெட்டும் நேரம் மாறினால் என்ன ஆகும்? நம் மாதிரிச் செவ்வாயையே எடுத்துக்கொள்வோம். 62,100 என்ற அடிமட்டம் செவ்வாய் மதியம் வந்தது. 64,800 என்ற உச்சம் வந்தது நம் கடிகாரப்படி புதன் அதிகாலை மூன்று மணிக்கு. ஒருவர் தன் செயலியில் நாளை இந்திய நள்ளிரவோடு முடித்துவிட்டார். அவருடைய செவ்வாய்க்குள் அந்த உச்சம் வரவே இல்லை. அவர் பார்க்கும் உச்சம் 64,000, முடிவு விலை 63,500. அவருக்கு P 63,200, R1 64,300, S1 62,400.

புதன் காலை 5.30க்கு விலை 64,200இல் நிற்கிறது. முதல் கணக்கைப் பார்க்கிறவருக்கு விலை P-க்கு மேலே தெம்பாக இருக்கிறது, R1 வரை இன்னும் 1,100 டாலர் ஏற இடம் இருக்கிறது. இரண்டாமவருக்கோ விலை R1-ஐ முட்டிக்கொண்டு நிற்கிறது. விற்கலாமா என்று யோசிக்கும் இடம். ஒரே காயின், ஒரே விலை, ஒரே சூத்திரம். முடிவுகள் மட்டும் நேர் எதிர்.

இதில் எது சரி? சூத்திரத்துக்குள் பதில் இல்லை. ஒரு கோட்டில் விலை தயங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம், நிறையப் பேர் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். வாங்கும் ஆர்டர்களையும் ஸ்டாப் லாஸ்களையும் அவர்கள் அதையொட்டி வைக்கிறார்கள். ஆகவே அதிகம் பேர் பார்க்கும் நாளைத்தான் நாமும் பார்க்க வேண்டும். இன்றைக்கு அது யுடிசி நாள். வியாபாரம் செய்யும் அதே எக்ஸ்சேஞ்சின் விலைகளை எடுத்துக்கொண்டு, காலை 5.30க்குத் தொடங்கும் கேண்டிலோடு கோடுகளைச் சரிபார்த்துக்கொள்வது முதல் வேலை.

கோடுகள் கிடைத்த பிறகு அவற்றை எப்படிப் பயன்படுத்துவது? கோட்டைத் தொட்டவுடன் பாய்ந்து வாங்குவது பழக்கமற்றவர் செய்வது. பழகியவர், தொட்ட பிறகு விலை என்ன செய்கிறது என்று பார்ப்பார். புதன் மதியம் விலை 64,200இலிருந்து இறங்கி, P-யான 63,700ஐ உடைத்து 63,600 வரை போகிறது. ஆனால் அங்கே தங்கவில்லை. பதினைந்து நிமிடக் கேண்டில் ஒன்று 63,850இல் முடிகிறது. கீழே தள்ளப் பார்த்தவர்களுக்குப் பிடி கிடைக்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அவர் 63,850இல் வாங்கி, இறங்கிய இடத்துக்கும் கீழே 63,450இல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார். இலக்கு R1. ஆனால் சரியாக 65,300இல் விற்கும் ஆர்டர்கள் குவிந்திருக்கும் என்பதால் 65,250இலேயே வெளியேறத் திட்டமிடுகிறார். தவறினால் நஷ்டம் 400 டாலர், பலித்தால் லாபம் 1,400. மூன்றரை மடங்கு.

மாறாக, அந்தக் கேண்டிலும் அடுத்ததும் P-க்குக் கீழேயே முடிந்து, திரும்பி ஏறும்போது 63,700இல் முட்டிக்கொண்டு சரிந்தால், தாங்கிய கோடு தடுக்கும் கோடாக மாறிவிட்டது என்று பொருள். அன்றைக்கு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

அந்த மூன்றரை மடங்கு கைக்கு வரும்போது எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். வாங்கவும் விற்கவும் தலா 0.1 சதவீதம் கட்டணம் என்றால் ஒரு காயினுக்குச் சுமார் 130 டாலர் போகும். லாபம் 1,270, நஷ்டம் 530 என்று ஆகிவிடும். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு வியாபாரத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வரியும் போனால் கையில் நிற்பது ஏறக்குறைய 830 டாலர். மூன்றரை மடங்காகத் தெரிந்தது ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. 2022 ஜூலை முதல் பிடிக்கப்படும் 1 சதவீத டிடிஎஸ் தனி. அது லாபத்தில் அல்ல, விற்ற முழுத் தொகையில் பிடிக்கப்படுகிறது. நஷ்டத்தில் விற்றாலும் விடாது. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், முழு முதலையும் போட்டுப் பத்து முறை விற்றால் அதில் பத்தில் ஒரு பங்கு அதுவரை முடங்கிவிடும். நெருங்கிய கோடுகளுக்கு இடையே சின்னச் சின்ன லாபம் பார்க்கும் முறை இங்கே ஏன் கட்டுப்படியாவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கோடுகளையே நம்ப முடியாத நாட்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் மெலிந்து, விலை 62,900க்கும் 63,500க்கும் இடையிலேயே உலவி 63,200இல் முடிந்தது என்றால், திங்களுக்கான R1 63,500, S1 62,900. R2-வும் S2-வும் இன்னும் 300 டாலர்தான் தள்ளி. திங்கள் மாலை அமெரிக்கப் பங்குச்சந்தை திறக்கும் நேரத்தில் வரும் ஓர் அசைவு அத்தனை கோடுகளையும் ஒரே மூச்சில் கடந்துவிடலாம். கோடுகள் நெருக்கமாக இருந்தால், நேற்றைய சந்தையில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கக் கோளாறு, ஒரே கணத்தில் வந்துபோகும் கோரமான சரிவு. 2025 அக்டோபர் 10 அன்று கடன் வாங்கி வியாபாரம் செய்தவர்களின் நிலைகள் உலகமெங்கும் கட்டாயமாக முடித்துவைக்கப்பட்டபோது, வாங்க ஆளில்லாமல் சில சிறிய காயின்களின் விலை ஒரு சில எக்ஸ்சேஞ்சுகளில் மட்டும் கிட்டத்தட்டப் பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பியது. அப்படி ஒரு நாளில் உச்சம் 4 டாலர், அடிமட்டம் பூஜ்யம், முடிவு 3 டாலர் என்று சூத்திரத்தில் போட்டால் P 2.33 வரும், S2 மைனஸ் 1.67 வரும். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு விலை! சூத்திரம் அதையும் கூசாமல் கோடாகப் போட்டுக் காட்டும். முந்தைய நாள் கேண்டிலில் நீண்ட வால் தெரிந்தால், வேறு இரண்டு எக்ஸ்சேஞ்சுகளில் அதே வால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய கோடுகளை ஒதுக்கிவைத்துவிடலாம்.

கடைசியாக, இந்தக் கோடுகள் உண்மையில் வேலை செய்கின்றனவா? “இன்று விலை S1-ஐத் தொட்டுத் திரும்பியது பாருங்கள்” என்பது சான்று ஆகாது. விலைக்குப் பக்கத்தில் எங்கே கோடு போட்டாலும் அது அடிக்கடி தொடப்படும். தொட்டுத் திரும்பவும் செய்யும். சோதித்துப் பார்க்க ஒரு நேர்மையான வழி உண்டு. கடந்த சில மாதங்களின் யுடிசி நாள் விலைகளை எக்ஸெல்லில் இறக்கி, ஒவ்வொரு நாளின் S1-க்கும் பக்கத்தில் அரை சதவீதம் மேலேயோ கீழேயோ தள்ளி ஒரு போலிக் கோட்டையும் போடுங்கள். எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம். தொட்ட பிறகு விலை எத்தனை முறை திரும்பியது என்று இரண்டுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். “திரும்புதல்” என்றால் எத்தனை டாலர் என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். உண்மைக் கோடு போலியைத் தெளிவாக மிஞ்சினால், உங்கள் காயினில், உங்கள் எக்ஸ்சேஞ்சில் அதற்கு மதிப்பு இருக்கிறது. மிஞ்சவில்லை என்றால், ஸ்டாப் லாஸ் எங்கே வைப்பது, எவ்வளவு வாங்குவது என்று நிதானமாகத் திட்டமிட உதவும் அளவுகோலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை அதன் மேல் பந்தயம் கட்ட வேண்டாம்.