நாற்பது கிலோமீட்டருக்கு நடுவே ஒரு சர்வர்

திண்டிவனத்தில் கடை, விழுப்புரத்தில் வீடு என்று வைத்திருப்பவர்கள் இரண்டு ஊரிலும் உண்டு. நடுவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கடையில் கேமரா மாட்டிக் கொடுப்பவர் டிவிஆர் பெட்டியின் மெனுவில் P2P என்ற இடத்துக்குப் போய் அதை ஆன் செய்கிறார். திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் கடைக்காரரின் போனில் ஸ்கேன் செய்கிறார். அன்று ராத்திரி விழுப்புரத்து வீட்டில் உட்கார்ந்தபடி கல்லாப்பெட்டியைப் பார்க்க முடிகிறது. பெட்டியும் போனும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன என்றுதான் அந்த மெனு சொல்கிறது. பல இணைப்புகளில் அது நடப்பதே இல்லை. கடையின் படம் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து விழுப்புரத்துக்கு வந்து சேர்கிறது. இதற்குக் காரணம் நேட் என்கிற முகவரி மாற்றம். பற்றாக்குறையைச் சமாளிக்க வந்த அந்த ஏற்பாடு, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவதற்கே இடைத்தரகர் ஒருவரை நிரந்தரமாக்கிவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பற்றாக்குறை உண்மையானது. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். 1994-லேயே இது போதாது என்று கண்டு, ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை வைக்கும் நேட் முறையை ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணம் விவரித்தது. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்து, புதிதாக வரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிதான் என்று ரேஷன் வைக்கப்பட்டது. 2019-ல் அதுவும் 512 ஆகக் குறைந்தது. கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த ஒருவர் அதற்குப் பிறகு ஒரு தாலுகாவுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கினால் அவர் கையில் இருப்பது அந்த 512-தான். அதனால் ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிறார். ஒரு முகவரியில் 65,536 போர்ட் எண்கள் உண்டு. வீட்டுக்கு ஆயிரம் என்று ஒதுக்கினால் ஒரே முகவரியில் 65 வீடுகள் அடங்கும். அந்த ஆயிரத்தையும் ஒரு டொரண்ட் மென்பொருள் விழுங்கிவிட்டால், அதே வீட்டில் வங்கிப் பக்கம் பாதி திறந்து நின்றுவிடும். வேகம் குறைந்துவிட்டது என்று புகார் போகும். குறைந்தது வேகமல்ல, போர்ட்.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு எண்களோடு பார்க்கலாம். டிவிஆரின் முகவரி 192.168.1.20, போர்ட் 5000. அது வெளியே ஒரு பாக்கெட் அனுப்பும்போது கடை ரவுட்டர் அதன் மேல் தன் முகவரியான 100.72.14.9-ஐயும் ஒரு போர்ட்டையும் எழுதி, எதை எதற்காக மாற்றினோம் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அந்த 100.72-ம் பொது முகவரி இல்லை. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், இணைப்புக் கொடுப்பவரின் உள்வலைக்கென்றே 2012-ல் ஒதுக்கப்பட்டவை. அவருடைய பெரிய நேட் கருவி பாக்கெட்டை இரண்டாம் முறை திருத்தி 203.0.113.7, போர்ட் 23817 என்று வெளியே விடுகிறது. அதன் அட்டவணையிலும் ஒரு வரி ஏறுகிறது. (இந்தப் பொது முகவரி உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது.) பதில் வந்தால் இரண்டு அட்டவணைகளையும் பார்த்து டிவிஆர் வரை வந்து சேரும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து முதலில் வரும் பாக்கெட்டுக்கு எந்த வரியும் கிடையாது, அது கீழே போடப்படுகிறது. இணையதளம் பார்க்கிறவருக்கு இதில் நஷ்டம் இல்லை, அவர்தான் எப்போதும் முதலில் பேசுகிறார். யாராவது தன்னைக் கூப்பிடக் காத்திருக்கும் கருவிக்குத்தான் அடி. கடை ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் கேமரா தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஒன்றைப் பார்த்தால் போதும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் WAN IP என்று வருவதும், உங்கள் முகவரி இது என்று வெளி இணையதளம் காட்டுவதும் ஒன்றாக இருக்கிறதா? வேறுபட்டால், அதிலும் ரவுட்டரில் இருப்பது அந்த 100 வரிசையிலோ 10 என்றோ தொடங்கினால், இரண்டாவது கதவு இணைப்புக் கொடுப்பவரிடம் இருக்கிறது. கடைக்குள் என்ன அமைத்தாலும் அது திறக்காது.

இதைத் தாண்டவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிவிஆரும் போனும் முதலில் பொதுவான ஒரு சர்வரைத் தொடர்பு கொள்கின்றன. ஒவ்வொன்றும் வெளியே எந்த முகவரியோடும் போர்ட்டோடும் தெரிகிறது என்பதைக் கவனித்து, சர்வர் அதை மற்றதற்குச் சொல்கிறது. பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பாக்கெட் அனுப்புகின்றன. போன பாக்கெட் தன் பக்கத்து நேட்டில் வழியைத் திறந்து வைப்பதால் எதிரிலிருந்து வருவது உள்ளே நுழைந்துவிடுகிறது, சர்வர் விலகிக்கொள்ளலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டிவிஆர் யாரோடு பேசினாலும் நேட் அதற்கு அதே 23817-ஐக் கொடுக்க வேண்டும். எதிராளி மாறும்போதெல்லாம் போர்ட்டையும் மாற்றும் கருவிகள் இருக்கின்றன. சர்வரிடம் 23817 என்று தெரிந்தது, போனிடம் பேசப் போகும்போது 23990 ஆகிவிடும். போன் 23817-ல் தட்டிக்கொண்டிருக்கும். அந்த வழியோ சர்வருக்கு மட்டும் திறந்தது. போன் பக்கத்து நேட்டும் கண்டிப்பானதாக இருந்து, தான் அனுப்பாத போர்ட்டிலிருந்து வருவதை ஏற்காவிட்டால் இரண்டும் சந்திக்கவே முடியாது. எதிராளி யாரானாலும் ஒரே போர்ட் என்பதை 2007-ல் ஆர்எஃப்சி 4787 கட்டாய நெறியாகவே வைத்தது. நெறியைக் காவல் காக்க ஆளில்லை.

இதைவிடக் கசப்பான நிலை, கடைக்கும் வீட்டுக்கும் ஒரே ஆள் இணைப்புக் கொடுக்கும்போது வருகிறது. திண்டிவனத்துக் கடை 100.72.14.9, விழுப்புரத்து வீடு 100.72.31.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே உள்வலையில் இருக்கின்றன. வலையின் அமைப்பு அனுமதித்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அந்த முகவரியிலேயே போய்விடலாம். ஆனால் அந்த நடு முகவரி இரண்டு கருவிகளுக்கும் தெரியாது. டிவிஆருக்குத் தெரிந்தது 192.168.1.20. வெளியே உள்ள சர்வர் சொன்னது 203.0.113.7. நடுவில் இருப்பதை யாரும் சொல்லவில்லை. விழுப்புரத்துப் போன் 192.168.1.20-ஐத் தேடினால், அதே எண்ணில் தன் வீட்டில் இருக்கும் டிவியையோ பிரிண்டரையோ தட்டும். 203.0.113.7-க்கு அனுப்பினால், உள்ளேயிருந்து கிளம்பிய பாக்கெட் தன்னுடைய வெளி முகவரியைத் தேடியே வருகிறது என்பதை நேட் கருவி புரிந்துகொண்டு, அதை அங்கேயே திருப்பி உள்ளே விட வேண்டும். ஹேர்பின் என்று சொல்லப்படும் அந்தத் திருப்பம் அமைக்கப்படாத கருவியில் பாக்கெட் செத்துப்போகும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அந்தக் கேமராவை நேரடியாகப் பார்க்க முடியும், அதே கேபிளில் தொங்கும் விழுப்புரத்து அப்பாவுக்கு முடியாது என்ற விசித்திரம் இப்படித்தான் உண்டாகிறது. கேமராவில் கோளாறு என்று பெட்டியை மாற்றிப் பயனில்லை. ஒரு சோதனை செய்தால் விளங்கிவிடும்: வைஃபையை அணைத்து, வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் பார்த்தால் படம் சட்டென்று தெளிவாகிறதா என்று பாருங்கள்.

நேரடி வழி அடைபட்டால் செயலி சத்தமில்லாமல் மாற்று வழிக்குப் போகிறது. படம் முழுவதும் இடை சர்வருக்கு ஏறி, அங்கிருந்து போனுக்கு இறங்குகிறது. என் கவலை முழுக்க இங்கேதான். நொடிக்கு 2 மெகாபிட் என்று ஓடும் ஒரு கேமரா மணிக்கு சுமார் 900 எம்பி. சர்வர்காரர் அதை வாங்கவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். லட்சக்கணக்கான பெட்டிகளுக்கு இலவசமாக இதைச் செய்ய யாராலும் முடியாது. தரத்தைக் குறைப்பார்கள், சில நிமிடத்தில் துண்டிப்பார்கள், பிறகு சந்தா கேட்பார்கள். நிறுவனம் மூடப்பட்டால் கடையில் பெட்டியும் கேமராவும் நன்றாக இருந்தும் போனில் ஒன்றும் வராது. குறியாக்கம் சரியாக இல்லாத பெட்டி என்றால், கல்லாவில் யார் நிற்கிறார் என்பதைக் கடைக்காரர் மட்டும் பார்க்கவில்லை, சர்வர் வைத்திருப்பவரும் பார்க்கலாம். அந்தச் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேமரா மாட்டிக் கொடுத்தவருக்கும் தெரியாது. நேரடி இணைப்பு கிடைத்தவருக்கும் முழு நிம்மதி இல்லை. சும்மா இருக்கும் வரியைக் குறைந்தது 2 நிமிடமாவது அழிக்காமல் வைக்க வேண்டும் என்று நெறி சொன்னாலும், அரை நிமிடத்தில் அழித்துவிடும் கருவிகள் உண்டு. அதனால் பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கருவிகள் 15 விநாடிக்கு ஒருமுறை வெறும் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. போனின் பேட்டரி அதில் கரைகிறது.

நேட் இருப்பதால்தானே வெளியாள் உள்ளே வர முடியவில்லை, அது பாதுகாப்புத்தானே என்பார்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களில் மாற்றப்படாத கடவுச்சொற்களை வைத்தே நுழைந்து பரவியது என்பதால் அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அழைக்காமல் வருவதைத் தடுப்பது ஃபயர்வாலின் வேலை. முகவரியை மாற்றாமலே அதைச் செய்யலாம், யாரை உள்ளே விடுவது என்பதை அப்போது வீட்டுக்காரர் தீர்மானிப்பார். இன்னொன்று: நேட்டைத் தாண்டுவதற்காகக் கேமராக்களில் வைத்த P2P மென்பொருள் ஒன்றில், கருவியின் அடையாள எண்ணை ஊகித்தே நேரே உள்ளே போய்விடலாம் என்று 2019-ல் ஓர் ஆய்வாளர் காட்டினார். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அந்த நிலையில் இருந்தன. அவற்றை நேட் காப்பாற்றவில்லை.

ஐபிவி6 வந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு, அதில் நியாயம் இருக்கிறது. முகவரிப் பஞ்சமே இல்லாத அந்த முறை 1995-லேயே ஆவணமாகிவிட்டது. இந்தியாவின் மொபைல் வலைகளில் அது பரவலாக ஓடுகிறது. விழுப்புரத்துப் போனில் இருக்கிறது, திண்டிவனத்துக் கேபிள் இணைப்பிலும் பழைய டிவிஆரிலும் இல்லை என்றால் பயன் இல்லை. ஐபிவி6 மட்டும் உள்ள போன், ஐபிவி4 மட்டும் தெரிந்த பெட்டியோடு பேச மறுபடி ஒரு மொழிமாற்றி நேட் வழியாகத்தான் போக வேண்டும். எனவே இணைப்பு வாங்கும்போது வேகத்தோடு சேர்த்து மூன்றையும் கேட்க வேண்டும்: ஐபிவி6 உண்டா, உள்வலையில் ஹேர்பின் வேலை செய்கிறதா, எதிராளி மாறினாலும் போர்ட் மாறாமல் இருக்குமா. பின்னிரண்டும் பெரும்பாலான பெரிய நேட் கருவிகளில் அமைப்பை மாற்றினாலே கிடைக்கக்கூடியவை. ஸ்டேட்டிக் ஐபிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் கட்டச் சொல்வதற்கு முன்னால் இவற்றைச் செய்து கொடுக்கலாம். ஐபிவி6 கிடைத்தவர் ரவுட்டரில் ஒரு வேலை பாக்கி வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை வழக்கமாகத் தடுத்தே வைத்திருக்கும். டிவிஆரின் முகவரிக்கும் அதன் ஒரே ஒரு போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி எழுதி, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இணைப்புக் கொடுப்பவர் முகவரியின் முன்பகுதியை அவ்வப்போது மாற்றுகிறவர் என்றால், அந்த அனுமதியும் செல்லாமல் போய் ஒருநாள் படம் நின்றுவிடும். மாறாத முன்பகுதி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.