சட்டையில் ஒட்டாத பதக்கம்

மாவட்ட அளவிலான 400 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பிடித்த பத்தாம் வகுப்பு மாணவி. மேடையில் எடுத்த படங்கள் எல்லாம் ஆடிப்போயிருந்தன. வெள்ளைச் சீருடையில் எங்கள் ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் பதக்கத்தைச் சேர்த்துப் பெரிதாக ஃப்ரேம் போட்டுத் தரச் சொன்னார் அவள் அப்பா. நான் முதலில் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு, "சட்டையில ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கே தம்பி" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

முதல் தவறு அளவு. கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று பதக்கத்தை 260 பிக்சலுக்கு வைத்திருந்தேன். பதக்கத்தையும் அதே சட்டையையும் கொண்டுவரச் சொல்லி அளந்தேன். இரண்டு பட்டன்களுக்கு நடுவே 8 செ.மீ.; படத்தில் அதே இடைவெளி 240 பிக்சல். அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 30 பிக்சல். 6 செ.மீ. பதக்கம் 180 பிக்சலும், இரண்டரை செ.மீ. ரிப்பன் 75 பிக்சலும்தான் இருக்க வேண்டும். நான் வைத்திருந்தது, 8.5 செ.மீ. விட்டமுள்ள பாரிஸ் 2024 ஒலிம்பிக் பதக்கத்தைவிடப் பெரியது!

அடுத்தது தொங்கல். பாரிஸ் தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம், அரைக்கிலோவுக்கும் மேல். அந்தக் கனம் ரிப்பனைக் கயிறுபோல் விறைப்பாக இழுக்கும். ரிப்பன் படும் இடத்தில் காலர் அழுந்தும். பள்ளிப் பதக்கத்துக்கு அந்தக் கனம் கிடையாது. காலர் மடிப்பைத் தாண்டும் இடத்தில் ரிப்பன் சற்றே எழும்பி, பிறகுதான் நெஞ்சில் படியும். ஆகவே, கனத்தைக் காட்டுவது பதக்கம் அல்ல, ரிப்பன்தான். காலருக்கு மேல் அதை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விட்டால், எந்தப் பதக்கமும் அட்டை வில்லையாகிவிடும். போட்டோஷாப்பில் Warp கொண்டு காலர் விளிம்பில் மட்டும் ரிப்பனை லேசாக வளைத்தேன். ஜடைக்குப் பின்னால் போகும் பகுதியை மறைத்தேன்.

அந்தப் பெண் ஒரு தோளைச் சற்றே இறக்கி நின்றிருந்ததால், பட்டன் வரிசை சாய்ந்திருந்தது. நான் பதக்கத்தையும் அந்தச் சாய்விலேயே வைத்துவிட்டேன். உடம்பு எப்படிச் சாய்ந்தாலும், தொங்கும் பதக்கம் கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல் நேராகத்தான் இறங்கும். படத்தில் நேர் எது என்பதைப் பின்னால் தெரியும் கதவு நிலையையோ சுவர் முனையையோ வைத்து முடிவு செய்யலாம். பட்டன் வரிசையைவிட்டுப் பதக்கம் விலகி நின்றபோதுதான் படத்துக்கு உயிர் வந்தது.

மெனக்கெட வேண்டிய இடம் நிழல். மூக்கின் நிழலைப் பார்த்தால் வெளிச்சத்தின் திசை தெரிந்துவிடும். இந்தப் படத்தில் அது நமக்கு இடப்பக்கம் மேலிருந்து, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் விழுந்தது. அப்போது நிழல்கள் எல்லாம் வலப்பக்கம் கீழே விழும். ரிப்பனின் இடது பட்டை வெளிச்சத்தின் போக்கிலேயே ஓரளவு சாய்ந்து இறங்குவதால், அதன் நிழல் மெல்லிய கோடாக உள்பக்கம் தெரியும். வலது பட்டை வெளிச்சத்துக்குக் குறுக்கே வருவதால், அதன் நிழல் வெளிப்பக்கம் ஏறக்குறைய இரு மடங்கு அகலமாக விழும். இரண்டு பட்டைக்கும் வெளிப்பக்கமாகவே நிழல் போட்டிருந்தால், அது ஒட்டுவேலை என்று அங்கேயே பிடித்துவிடலாம்.

Drop Shadow எல்லா இடத்திலும் ஒரே அளவு நிழலைத்தான் போடும். துணியோடு படிந்த ரிப்பனுக்கு இரண்டு மூன்று பிக்சல் போதும். 3 மி.மீ. தடிமனுள்ள பதக்கத்துக்கு 9 பிக்சல் வேண்டும். ரிப்பன் எழும்பிய இடத்தில் நிழல் விலகிப்போய் மங்க வேண்டும். அதனால் நிழலைத் தனி லேயராகப் பிரித்து, Multiply முறையில் வைத்து, சட்டை மடிப்பு எங்கே வளைகிறதோ அங்கே நிழலையும் வளைத்தேன். நிறத்தைக் கறுப்பாக விடாமல், அதே சட்டையின் மடிப்பு நிழலிலிருந்து எடுத்தேன். வெள்ளைத் துணியில் அது நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. பதக்கத்தின் விளிம்பு சட்டையைத் தொடும் இடத்தில் மட்டும் மயிரிழை அளவுக்கு அடர்த்தியாகத் தீட்டினேன். பதக்கம் துணியில் படிந்து உட்கார்ந்தது அந்த ஒரு கோட்டால்தான்.

பதக்கத்தின் பளபளப்பை மட்டும் கணினியில் சரிசெய்ய முடியவில்லை. உலோகம் எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிவிடும்; முதலில் நான் வைத்த பதக்கத்தில் யாரோ ஒருவரின் ஜன்னல் தெரிந்தது. அதனால் அந்தச் சட்டையை ஹேங்கரில் மாட்டி, பதக்கத்தை அதன்மேல் தொங்கவிட்டு, அதே விளக்கில், அதே தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட படம் வீட்டுச் சுவருக்கு மட்டும்தான். செய்தித்தாளுக்கோ விண்ணப்பத்துக்கோ செய்து தருவதில்லை. படத்தில் பதக்கம் சேர்க்க வருகிறவர்கள் வாங்கிய பதக்கத்தையும் அன்று போட்டிருந்த சட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள்.