டிக் அடித்தால் போதாது, எண்ணை எழுதுங்கள்

வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன் அறிக்கையைச் சக ஊழியர் ஒருவர் பார்த்துத் தர வேண்டும் என்ற வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதற்கான பட்டியலில் ‘தேதி சரியா? ஃபில்டர் சரியா? அலகு சரியா?’ என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். பார்ப்பவர் மூன்றுக்கும் டிக் அடித்துவிடுவார், பிழை அப்படியே வாடிக்கையாளரிடம் போய்விடும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இந்த வேலைக்கு உதவாது. ஒவ்வொரு கேள்வியும் ஓர் எண்ணைக் கேட்க வேண்டும்.

பல கிளைகள் உள்ள ஒரு துணிக்கடையின் மார்ச் மாத விற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 6 கோடி ரூபாய் என்கிறது அறிக்கை. தரவுத்தளத்தில் தேதி வரம்பு இப்படி எழுதப்பட்டிருக்கிறது:

```sql
WHERE bill_time BETWEEN '2024-03-01' AND '2024-03-31'
```

படித்துப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் `bill_time` தேதியோடு நேரத்தையும் சேர்த்து வைத்திருக்கும் பத்தி. நேரம் குறிப்பிடாத 31ஆம் தேதியைத் தரவுத்தளம் அன்றைய நள்ளிரவு 12 மணி என்றே எடுத்துக்கொள்ளும். அன்று காலை கடை திறந்த பிறகு போட்ட ஒரு பில்லும் கணக்கில் வராது. அன்றைய விற்பனை 20 லட்சம் என்றால் உண்மையான தொகை 6 கோடியே 20 லட்சம். மூன்று சதவீதக் குறைவு யார் கண்ணையும் உறுத்தாது. போன வருட மார்ச்சையும் இதே வரியால் எடுத்திருந்தால் அங்கேயும் கடைசி நாள் விடுபட்டிருக்கும். அதனால் வளர்ச்சி விகிதம் கிட்டத்தட்ட ஒழுங்காகவே வந்து பிழையை மூடிவிடும்.

ஆகவே பட்டியலில் இருக்க வேண்டிய கேள்வி இது: ‘முதல் நாள் விற்பனை எவ்வளவு, கடைசி நாள் விற்பனை எவ்வளவு, மொத்தம் எத்தனை நாட்களுக்கு விற்பனை இருக்கிறது?’ நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தவுடன் 30 நாள்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். திருத்தமும் எளிது:

```sql
WHERE bill_time >= '2024-03-01' AND bill_time < '2024-04-01'
```

இணைய விற்பனையும் சேர்ந்திருந்தால் நேரம் எந்த மண்டலத்தில் பதிவாகிறது என்றும் கேட்க வேண்டும். சர்வதேச நேரத்தில் பதிவானால், ஏப்ரல் 1 அதிகாலை ஐந்தரை மணிக்கு முன் வந்த ஆர்டர்கள் மார்ச்சில் போய் உட்காரும்.

ஃபில்டர் பிழையைப் பிடிக்கப் பில்களின் எண்ணிக்கை போதும். ரத்தான பில்களை நீக்க `status <> 'Cancelled'` என்று எழுதுகிறோம். இந்த நிபந்தனை, நிலை எதுவும் நிரப்பப்படாமல் NULL ஆக இருக்கும் வரிகளையும் சேர்த்தே தள்ளிவிடும் என்பது அனுபவசாலிகளுக்கும் மறந்துபோகிறது. அதனால் பார்ப்பவர் மூன்று எண்களை எழுதட்டும். மாதத்தில் மொத்தம் 46,000 பில், ரத்தானவை 1,000, கணக்கில் வந்தவை 41,000. மீதி 4,000 எங்கே? ஒரு கிளையின் பழைய மென்பொருள் நிலையைப் பதிவதே இல்லை என்பது அப்போதுதான் வெளிவரும்.

அலகுக்குச் சராசரி பில் தொகையைக் கேட்பேன், அதையும் விற்பனை வழிவாரியாக. கடையில் சராசரி 1,500 ரூபாய், இணையத்தில் 1,50,000 என்றால், பணம் வசூலிக்கும் சேவை தொகையைப் பைசாவில் தந்திருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால், இணைய விற்பனை பிரமாதமாக வளர்ந்துவிட்டது என்றே எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள்.

இந்த எண்களை எழுத, பார்ப்பவர் கையில் பிடிஎஃப் மட்டும் இருந்தால் பயனில்லை. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசுக் கடன் பற்றி 2010இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எக்செல் சராசரி ஒன்று 20 நாடுகளில் 5 நாடுகளை விட்டுவிட்டிருந்தது. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பையே கேட்டு வாங்கித் திறந்த பிறகுதான் அது தெரிந்தது; அந்த மறுஆய்வு 2013இல் வெளியானது. பார்ப்பவருக்கு மூலக் கோப்பும், அறிக்கை எழுதியவரின் வரிகளைத் தொடாமல் தானே கூட்டிப் பார்க்க நேரமும் தர வேண்டும். கிளையிலேயே தவறாகப் பதிந்த தொகையை இந்த முறை பிடிக்காது. அதற்குக் கடையின் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

பிழை கிடைத்ததும், திருத்திய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் பழக்கம் ஆபத்தானது. விடுபட்ட 4,000 பில்லைச் சேர்க்க ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

```sql
WHERE status <> 'Cancelled' OR status IS NULL
  AND bill_time >= '2024-03-01' AND bill_time < '2024-04-01'
```

அடைப்புக்குறி இல்லாததால் தேதி வரம்பு நிலை இல்லாத பில்களுக்கு மட்டுமே பொருந்தும். ரத்தாகாத மற்ற பில்கள் எல்லா வருடங்களிலிருந்தும் உள்ளே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் நாட்களின் எண்ணிக்கை, பில்களின் எண்ணிக்கை, சராசரித் தொகை மூன்றையும் புதிதாக எடுத்துப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.