காணாமல் போன பதினாறு பெக்

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் குடிப்பவர் பாட்டிலாக வாங்கிவந்து தானே ஊற்றிக்கொள்கிறார். கூடக்குறைய ஊற்றினால் அது அவர் பாடு. நட்சத்திர ஹோட்டல் பாரிலும் கிளப்பிலும் கதை வேறு. அங்கே மது பெக் கணக்கில் விற்பனையாகிறது. பாட்டில் சாய்கிற ஒவ்வொரு முறையும் முதலாளியின் பணம்தான் சாய்கிறது.

கணக்கு எளிது. 750 மில்லி பாட்டில் ஒன்று பாருக்கு 2,000 ரூபாய்க்கு வந்துசேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு ஸ்மால் பெக் 30 மில்லி. ஆக ஒரு பாட்டிலுக்கு 25 பெக், பெக்குக்கு 80 ரூபாய் அடக்கம். வரி நீங்கலாக ஒரு பெக்கை 400 ரூபாய்க்கு விற்றால், விலையில் 20 சதவீதம் சரக்குக்கே போகிறது. இந்தச் சதவீதத்தைத்தான் தொழிலில் ‘போர் காஸ்ட்’ என்கிறார்கள்.

இப்போது பார்டெண்டரின் கை கொஞ்சம் தாராளமாகி, ஒவ்வொரு தடவையும் 35 மில்லி விழுகிறது. குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் நன்றியும் கிடைக்காது. பாட்டில் மட்டும் 21 பெக்கோடு தீர்ந்து, அடியில் 15 மில்லி மிஞ்சும். 10,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 8,400 வரும். போர் காஸ்ட் கிட்டத்தட்ட 24 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

இதில் திருட்டு எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அளவுக் கிண்ணமான ஜிக்கரை கிளாஸுக்கு நேர் மேலே பிடித்து ஊற்றும்போது, வழிவதெல்லாம் கிளாஸுக்குள்ளேயே போய்விடுகிறது. ஜிக்கரைக் கவிழ்த்த பிறகும் பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரு இழுப்பு இழுப்பது இன்னொரு பழக்கம். ஜிக்கரை கிளாஸுக்குப் பக்கத்தில், சாயாமல் பிடித்து, நிரப்பி, பாட்டிலை நிமிர்த்திவிட்டுப் பிறகு கவிழ்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஜிக்கரே இல்லாமல், மனதுக்குள் எண்ணிக்கொண்டு ஊற்றும் பாணி அமெரிக்க பார்களில் பரவலாக உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் பாட்டில் வாயில் செருகும் ஊற்றுமுனையில் லிக்கரின் சர்க்கரை படிந்தால் ஓட்டம் மெதுவாகிவிடும். எண்ணிக்கை அதுவேதான், அளவு மட்டும் மாறிப்போகும். இந்த முறையை விடமாட்டோம் என்பவர்கள் ஷிஃப்ட் தொடங்கும் முன் காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஊற்றிப் பார்த்து, அளவுக் குழாயில் சரிபார்த்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜின், ரம், வோட்கா, விஸ்கி நான்கையும் 25 அல்லது 35 மில்லி அளவிலோ அதன் மடங்கிலோதான் விற்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

எவ்வளவு போனது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி தீர்ந்த பாட்டிலைக் கண்ணால் பார்த்து ‘அரை இருக்கும்’ என்று எழுதுவதைவிட, தராசில் வைப்பது மேல். காலி பாட்டில் 500 கிராம், இப்போதைய எடை 880 கிராம் என்றால் உள்ளே 380 கிராம் மது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 0.95 கிராம் இருக்கும். ஆக 400 மில்லி.

ஒரு வாரத்தில் ஒரு விஸ்கி பிராண்டின் இருப்பு 7,500 மில்லி குறைந்திருக்கிறது என்று கொள்வோம். பில்லில் 228 பெக், அதாவது 6,840 மில்லி. கொட்டியது, உடைந்தது, இலவசமாகக் கொடுத்தது எல்லாம் எழுதும் நோட்டில் 180 மில்லி. மீதி 480 மில்லிக்கு யாரிடமும் பதில் இல்லை. அது 16 பெக், விற்பனை விலையில் 6,400 ரூபாய். கொட்டல் நோட்டின் பயன் இங்கேதான் தெரிகிறது. கொட்டியதை எழுதினால் சம்பளத்தில் பிடிப்போம் என்று மிரட்டும் பாரில் அந்த நோட்டு வெறுமையாகவே கிடக்கும். விபத்து எது, கைநீளம் எது என்று பிரிக்க வழியிருக்காது.

போர் காஸ்ட் சதவீதத்தை மட்டும் நம்புகிறவர் ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. பார்டெண்டர் ஐந்து பேருக்கு 25 மில்லி வீதம் ஊற்றி, 30 மில்லிக்கு பில் போடுகிறார். மிச்சப்பட்ட 25 மில்லியை ஆறாவது ஆளுக்குக் கொடுத்து, பில் போடாமல் காசைப் பையில் போட்டுக்கொள்கிறார். போன மது 150 மில்லி, பில்லிலும் 150 மில்லி. சதவீதம் துளியும் அசையாது, தராசும் காட்டிக்கொடுக்காது. ஏமாந்தது வாடிக்கையாளர். இதைப் பிடிக்க மேனேஜர் முன்னறிவிப்பில்லாமல் கவுன்ட்டரிலிருந்து ஒரு பெக்கை எடுத்து அளவுக் குழாயில் ஊற்றிப் பார்ப்பதும், மேஜையில் இருக்கும் கிளாஸ்களை பில்லோடு ஒத்துப்பார்ப்பதும்தான் நேரான வழி.

இருக்கிற எல்லா பாட்டிலையும் தினமும் எடை போட எந்த பாருக்கும் நேரமிருக்காது. வேகமாக விற்கும் நாலைந்து பிராண்டுகளை மட்டும் ஷிஃப்ட் மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று எடை போட்டு, இருவரும் கையெழுத்திட்டால் போதும். அடுத்த முறை 480 மில்லி குறைந்தால், அது எந்த ஷிஃப்டில் போனது என்பதாவது அன்றைக்கே தெரிந்துவிடும்.